கோடு கூடினால் தொகை கூடும்

சீனத்தில் காசோலையிலும் ரசீதிலும் தொகையை எழுதப் பயன்படுபவை 19 எழுத்துகள். அன்றாட எண்களில் ஒரு கோடு சேர்த்து மோசடி செய்யலாம் என்பதால் வந்தவை இவை. படிக்கத் தெரியாதவருக்கோ, மோசடியே இல்லாமலும் நஷ்டம் வரலாம்.

ஈவூ. சீனத்தின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள இந்த நகரின் மொத்த விற்பனைச் சந்தைக்கு இந்திய வணிகர்கள் வருவது புதிதல்ல. பொம்மை, குடை, பூட்டு, அலங்கார விளக்கு என்று சரக்கைப் பார்த்து, பேரம் பேசி, முன்பணம் கொடுப்பார்கள். கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து சிறிய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாள் வைத்து எழுதி, சிவப்பு முத்திரை குத்திக் கிழித்துக் கொடுப்பார்.

அப்படி ஒரு ரசீது ஒரு வணிகர் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்பன் பிரதி என்பதால் எண்ணால் எழுதிய தொகை மங்கிப் போயிருக்கிறது. எழுத்தால் எழுதியது மட்டும் தெளிவாக இருக்கிறது:

人民币壹拾贰万零伍佰元整

ஊருக்குத் திரும்பியதும் கணக்குப்பிள்ளை பயணக் கையேட்டை வைத்துக்கொண்டு இதைப் படிக்க முயல்கிறார். கையேட்டில் ஒன்றுக்கு ஒரு படுக்கைக் கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு, மூன்றுக்கு மூன்று. ரசீதில் அப்படி எதுவுமே இல்லை. எப்படியோ இணையத்தில் தேடி ஒவ்வொரு எழுத்தாக அர்த்தம் கண்டுபிடிக்கிறார். பன்னிரண்டு, அப்புறம் ஏதோ ஆயிரம், பூஜ்யம், ஐந்நூறு. பேரேட்டில் 12,500 யுவான் என்று ஏறுகிறது.

உண்மையில் அது 1,20,500 யுவான். வித்தியாசம் 1,08,000 யுவான்; இந்தியப் பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். சரக்கு வந்து பாக்கித் தொகையைப் பேசும் நாளில் இரண்டு பேர் கையிலும் ஒரே ரசீதின் இரண்டு பிரதிகள் இருக்கும். இரண்டு கணக்குகளும் இருக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. படித்த விதம்தான் தவறு.

மூன்று கோடுகளில் முப்பது ஐயாயிரம்

சீனர்கள் அன்றாடம் எழுதும் எண்கள் எளிமையானவை. ஒன்று 一, இரண்டு 二, மூன்று 三, பத்து 十, ஆயிரம் 千. குழந்தைகள் முதலில் கற்கும் எழுத்துகள் இவை. பேனா எடுத்தவர் யாரும் ஒரு நொடியில் எழுதிவிடலாம். கஷ்டமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு நொடியில் எழுதக்கூடியதை ஒரு நொடியில் திருத்தவும் முடியும்.

ஒன்றின் கீழே ஒரு கோடு இழுத்தால் இரண்டு. இன்னொன்று இழுத்தால் மூன்று. ஒன்றின் குறுக்கே நெட்டுக்கோடு போட்டால் பத்து. பத்தின் தலையில் ஒரு சாய்கோடு வைத்தால் ஆயிரம். மூன்றின் மேல் இரண்டு கோடுகளை லாகவமாகச் சேர்த்தால் அது ஐந்து, 五. ஆக, முப்பது, அதாவது 三十 என்று எழுதிய சீட்டில் மொத்தம் மூன்று கோடுகள் சேர்த்தால் 五千, ஐயாயிரம். எதையும் அழிக்க வேண்டியதில்லை, சுரண்ட வேண்டியதில்லை. அதே நிற மை இருந்தால் போதும்.

நம் எழுத்தில் இந்த ஆபத்து இல்லை. ‘முப்பது’ என்ற சொல்லில் எத்தனை கோடு சேர்த்தாலும் அது ‘ஐயாயிரம்’ ஆகாது. நாம் காசோலையில் தொகையை எழுத்தால் எழுதுகிறோம் என்றால், எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல்லை எழுதுகிறோம் என்று பொருள். சீனத்தில் எண்ணும் சொல்லும் ஒரே எழுத்து. ஆகவே ‘எழுத்தால் எழுது’ என்பதற்கு அங்கே தனியாக ஒரு எழுத்து வரிசையே தேவைப்பட்டது.

அந்த வரிசைக்குத் ‘தா ஷியெ’ என்று பெயர். ‘பெரிய எழுத்து’ என்று சொல்லலாம். புதிதாகக் கண்டுபிடித்த எழுத்துகள் அல்ல இவை. பெரும்பாலும் வேறு பொருளில் ஏற்கெனவே இருந்த, அதே ஒலியுள்ள, கோடுகள் நிறைந்த எழுத்துகளை எண்ணுக்காகக் கடன் வாங்கிக்கொண்டார்கள். நான்குக்கு எழுதும் 肆 என்ற எழுத்துக்குக் கடை என்றும் பொருள் உண்டு. பத்துக்கு எழுதும் 拾 என்பதற்குப் பொறுக்கி எடு என்று பொருள். ஐந்தின் 伍, ஐந்து வீரர்கள் கொண்ட பழைய படைப்பிரிவு. ஆறின் 陆 வேறு உச்சரிப்பில் நிலத்தைக் குறிக்கும். அகராதியை வைத்து எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்கும் அயல்நாட்டார் ‘நிலம், கடை, பொறுக்கு’ என்று குழம்புவதற்கு இதுவே காரணம்.

யார் ஆரம்பித்தது?

பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் கு யன்வூ, தாய் மலையில் இருந்த தாங் வம்சக் கல்வெட்டு ஒன்றில் இந்த எண்களைக் கண்டு, இவை பேரரசி வூ ட்செடியன் (ஆட்சி 690-705) காலத்தில் வந்தவை என்று எழுதினார். ஆனால் அதற்கு முந்தைய ஆவணங்களிலும் இந்த எழுத்துகளில் பல கிடைத்திருக்கின்றன. கணக்கு எழுதுபவர்கள் பாதுகாப்புக்காகத் தாங்களே பழக்கத்தில் கொண்டுவந்ததை அரசு பின்னால் ஏற்றுக்கொண்டது என்றுதான் தோன்றுகிறது.

சீனர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வேறு கதை சொல்வார்கள். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹொங்வூ காலத்தில், 1385இல், வருவாய்த் துறையின் துணை அமைச்சர் குவோ ஹுவான் மீது பிரம்மாண்டமான தானிய வரி மோசடி வழக்கு வந்தது. அவரும் ஏராளமான அதிகாரிகளும் மரண தண்டனை பெற்றார்கள். அதற்குப் பிறகுதான் கணக்குகளில் பெரிய எழுத்து எண்களைப் பேரரசர் கட்டாயமாக்கினார் என்பது கதை. வழக்கு உண்மை. எழுத்துகள் மட்டும் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

இன்றைய சட்ட நிலை தெளிவானது. சீன மக்கள் வங்கி 1997இல் வெளியிட்ட பணப்பட்டுவாடா விதிகளின் இணைப்பில், காசோலையை எப்படி நிரப்ப வேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவை:

ஒன்று முதல் ஒன்பது வரை: 壹 (யீ), 贰 (அர்), 叁 (ஸான்), 肆 (ஸ்ஸு), 伍 (வூ), 陆 (லியூ), 柒 (ச்சீ), 捌 (பா), 玖 (ஜியூ).

இடமதிப்புகள்: 拾 பத்து, 佰 நூறு, 仟 ஆயிரம், 万 பத்தாயிரம், 亿 பத்துக் கோடி.

பணத்தின் அலகுகள்: 元 யுவான், 角 ஜியாவ் (யுவானில் பத்தில் ஒன்று), 分 ஃபென் (நூறில் ஒன்று).

மீதி இரண்டு: 零 பூஜ்யம், 整 ‘மட்டும்’.

கடைசி எழுத்து நமக்குப் பழக்கமானதுதான். ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்று நாம் முடிப்பதுபோல அவர்கள் 整 போட்டு முடிக்கிறார்கள். அதற்குப் பதிலாக 正 என்றும் எழுதலாம். யுவானோடு தொகை முடிந்தால் இது கட்டாயம். ஜியாவோடு முடிந்தால் விருப்பம்போல். ஃபென் வரை எழுதிவிட்டால் போடக் கூடாது; அதற்குக் கீழே அலகு இல்லை, சேர்ப்பதற்கும் எதுவும் இல்லை.

எழுதக் கூடாதவற்றின் பட்டியலும் அதே விதியில் இருக்கிறது. அன்றாட எண்கள் எதுவும் கூடாது. பேச்சில் இரண்டு என்பதற்கு வரும் 两 கூடாது. ஜியாவுக்குச் சந்தையில் சொல்லும் 毛 கூடாது. அவரவர் இஷ்டத்துக்குச் சுருக்கி எழுதுவதும் கூடாது. ஆனால் ஹாங்காங்கிலும் தைவானிலும் புழங்கும் பழைய முழு வடிவங்களான 貳, 陸, 萬, 億, 圓 ஆகியவற்றில் எழுதினால் வங்கி ஏற்க வேண்டும். ஹாங்காங் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ‘பட்டியலில் இல்லையே’ என்று பயப்பட வேண்டாம். எழுத்து அதுதான், கோடு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நான்கு நான்காக வெட்டுங்கள்

இப்போது நம் கணக்குப்பிள்ளை எங்கே தவறினார் என்று பார்க்கலாம். அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு எழுத்து: 万, ‘வான்’. அதை ஆயிரம் என்று எடுத்துக்கொண்டார். ‘வான்’ என்பது பத்தாயிரம்.

ஆங்கில முறையில் எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பார்கள். நாம் ஆயிரத்துக்குப் பிறகு இரண்டு இரண்டாகப் பிரித்து லட்சம், கோடி என்போம். சீனர்கள் நான்கு நான்காகப் பிரிக்கிறார்கள். நான்கு இலக்கம் முடிந்ததும் ‘வான்’. இன்னொரு நான்கு முடிந்ததும் ‘யீ’ என்கிற 亿. ஆகவே நம் லட்சம் அவர்களுக்குப் பத்து வான்; நம் கோடி அவர்களுக்கு ஆயிரம் வான். அவர்களுடைய ஒரு ‘யீ’ நமக்குப் பத்துக் கோடி. குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே, எண்ணால் எழுதும்போது அவர்களும் ஆங்கில முறையில் மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வைக்கிறார்கள். எழுத்து நான்காகப் பிரிகிறது, எண் மூன்றாகப் பிரிகிறது.

படிக்கும் முறை இதுதான். முதலில் 人民币 (சீன நாணயம் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள்) எங்கே முடிகிறது, 元 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுவான் தொகை அந்த இரண்டுக்கும் நடுவில். அடுத்து அதில் 万 எங்கே என்று தேடி அங்கே ஒரு கோடு கிழியுங்கள்.

நம் ரசீதில் கோட்டுக்கு இடப்பக்கம் 壹拾贰: ஒரு பத்து, ஒரு இரண்டு, ஆகப் பன்னிரண்டு. வலப்பக்கம் 零伍佰: பூஜ்யம், ஐந்து நூறு. வலப்பக்கத்துக்கு எப்போதும் நான்கு கட்டங்கள் உண்டு: ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. ஆயிரத்தில் எதுவும் இல்லை, நூறில் ஐந்து, பத்தில் இல்லை, ஒன்றில் இல்லை. எனவே 0500. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்: 12, 0500. ஒட்டினால் 120500. நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,20,500.

வலப்பக்கம் நான்கு கட்டம் என்பதை நினைவில் வைத்தவர் இதை ஒருநாளும் 12,500 என்று படிக்க மாட்டார். 12,500 என்றால் ரசீதில் 壹万贰仟伍佰元整 என்று இருந்திருக்கும். ஒரு வான், இரண்டு ஆயிரம், ஐந்து நூறு.

இன்னொரு குழி பேச்சில் இருக்கிறது. சந்தையில் ‘பன்னிரண்டு வான் ஐந்து’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால் அது 1,25,000. கடைசி இடமதிப்பைப் பேச்சில் விழுங்கிவிடுவது சீனர்களின் வழக்கம். ‘பன்னிரண்டு வான், பூஜ்யம், ஐந்நூறு’ என்றால்தான் 1,20,500. காதில் கேட்டதை எழுத்தோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

ஒரு பூஜ்யம் எத்தனை பூஜ்யம்?

எழுத்தால் எழுதும்போது 零 என்பது நம் ‘0’ போல இலக்கத்துக்கு ஒன்றாக வருவதில்லை. நடுவில் இடைவெளி இருக்கிறது என்று எச்சரிக்கும் அடையாளம் அது. இடைவெளி எத்தனை கட்டம் என்றாலும் ஒரு முறைதான் எழுதப்படும்.

விதிகளில் உள்ள உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ¥6,007.14 என்பது 人民币陆仟零柒元壹角肆分. ஆறு ஆயிரம், பூஜ்யம், ஏழு யுவான், ஒரு ஜியாவ், நான்கு ஃபென். நூறும் பத்தும் இல்லை. ஆனால் 零 ஒன்றுதான். அடுத்து வருவது 柒 மட்டுமா, 柒拾 ஆ என்று பார்த்துத்தான் இது 6,007ஆ 6,070ஆ என்று முடிவு செய்ய வேண்டும். அதாவது பூஜ்யத்தை எண்ண வேண்டாம். அதற்கு அடுத்து நிற்கும் இடமதிப்பைப் பாருங்கள்.

ஒரே தொகையை இரண்டு விதமாக எழுதவும் விதி அனுமதிக்கிறது. ¥107,000.53 என்ற தொகையை 壹拾万柒仟元零伍角叁分 என்றும் எழுதலாம், 壹拾万零柒仟元伍角叁分 என்றும் எழுதலாம். 零 இடம் மாறியிருப்பதால் தொகை மாறிவிட்டதாக எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு இடத்தில் சலுகை இல்லை. ஜியாவ் இல்லாமல் ஃபென் மட்டும் இருந்தால் 零 போட்டே ஆக வேண்டும். ¥16,409.02 என்பது 壹万陆仟肆佰零玖元零贰分.

பத்துக்கு முன்னால் ஒன்று எதற்கு?

பதினைந்தைச் சீனர்கள் பேச்சில் ‘பத்து ஐந்து’ என்பார்கள். ஆனால் காசோலையில் ‘ஒரு பத்து ஐந்து’, 壹拾伍 என்றுதான் எழுத வேண்டும். காரணம் எளிது. 拾伍元 என்று விட்டால் அதற்கு முன்னால் யாராவது 玖 என்று செருகிவிடலாம். பதினைந்து தொண்ணூற்றைந்தாகிவிடும். கோடுகள் நிறைந்த எழுத்தைத் திருத்த முடியாது. பக்கத்தில் புது எழுத்தைச் சேர்க்க முடியும். பெரிய எழுத்துகள் தடுக்க முடியாத ஓட்டை இது.

அதை அடைப்பதற்கு வேறு ஏற்பாடுகள். 人民币 என்ற சொல்லை ஒட்டினாற்போல், இடைவெளி விடாமல் தொகையை ஆரம்பிக்க வேண்டும். முடிவில் 整. எண்ணால் எழுதும்போது ¥ குறியை முதல் இலக்கத்தோடு சேர்த்துப் போட வேண்டும். சீன விற்பனை விலைப்பட்டியலான ‘ஃபாப்பியாவ்’ தாளில் எழுத்தால் வரும் தொகைக்கு முன் ஒரு வட்டத்துக்குள் பெருக்கல் குறி, ⊗, இருக்கும். அது எண் அல்ல. ‘இதற்கு முன்னால் எதுவும் இல்லை’ என்ற முளைக்கம்பு. கட்டம் கட்டமாக அச்சிட்ட சில ரசீதுகளில் 仟, 佰, 拾 எல்லாம் முன்பே அச்சாகியிருக்கும். எழுதுபவர் நடுவில் இலக்கத்தை மட்டும் நிரப்புவார். அங்கேயும் மேல் இலக்கங்கள் தேவைப்படாதபோது அந்த இடங்களை வெறுமனே விடாமல் ⊗ அல்லது 零 போட்டு அடைப்பார்கள். வெற்றுக் கட்டம் இருந்தால் வாங்குவதற்கு முன் நிரப்பச் சொல்லுங்கள்.

தேதியிலும் இதே புத்தி வேலை செய்கிறது. காசோலையின் தேதியைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும். ஆண்டு இலக்கம் இலக்கமாக வரும்: 2025 என்றால் 贰零贰伍年. மாதத்தில் ஒன்று, இரண்டு, பத்து ஆகிய மூன்றுக்கு மட்டும் முன்னால் 零 சேர்க்க வேண்டும். ஏன் இந்த மூன்று மட்டும்? 贰月 (பிப்ரவரி) என்பதற்கு முன் 壹拾 சேர்த்தால் டிசம்பர் ஆகிவிடும். 壹月 நவம்பர் ஆகிவிடும். பத்தாம் மாதத்தின் பின்னால் ஓர் எழுத்தைச் செருகினால் பதினொன்றோ பன்னிரண்டோ ஆகிவிடும். மார்ச்சுக்கு இந்தக் கவலை இல்லை. பதின்மூன்றாம் மாதம் கிடையாது.

நாளில் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும், பத்து, இருபது, முப்பதுக்கும் முன்னால் 零. பதினொன்று முதல் பத்தொன்பது வரை 壹拾 என்று ஆரம்பிக்க வேண்டும். ஜனவரி 15 என்பது 零壹月壹拾伍日. அக்டோபர் 20 என்பது 零壹拾月零贰拾日. இருபதுக்கு முன்னால் பூஜ்யம் பார்ப்பதற்கு அபத்தமாக இருக்கலாம். ஆனால் அதன் நடுவில் யாராவது 伍 செருகி இருபத்தைந்து ஆக்கினால், இருபத்தைந்துக்கு முன் பூஜ்யம் வரக் கூடாது என்பதால் திருட்டு தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் தேதிக்கு இவ்வளவு காவல்? சீனத்தில் காசோலையை எழுதிய நாளிலிருந்து பத்து நாளைக்குள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் மூன்று மாதம். பத்து நாள்தான் ஆயுள் என்னும்போது தேதியைத் திருத்துவதில் லாபம் இருக்கிறது. தேதியைச் சாதாரண எண்ணில் எழுதினால் வங்கி காசோலையை ஏற்காது. பெரிய எழுத்திலேயே எழுதி, முறைப்படி எழுதாவிட்டால் வங்கி ஏற்கலாம். அதனால் வரும் நஷ்டம் காசோலை எழுதியவர் தலையில்.

இரண்டும் பொருந்தாவிட்டால்

இந்திய வணிகர் அதிகம் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. நம் நாட்டில் 1881ஆம் ஆண்டுச் செலாவணி ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால் எழுத்துதான் செல்லும். நடைமுறையில் வங்கிகள் திருப்பி அனுப்பினாலும், சட்டம் எழுத்தின் பக்கம் நிற்கிறது.

சீனத்தில் 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஆவணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காசோலை செல்லாது. எது சரி என்று யாரும் ஆராய மாட்டார்கள். அடுத்த பிரிவு இன்னும் கண்டிப்பு: தொகை, தேதி, பெறுபவர் பெயர் மூன்றையும் திருத்தவே கூடாது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருத்தினாலும் செல்லாது. எழுதியவர் தவறு செய்தால் கிழித்துவிட்டுப் புதிது எழுத வேண்டும்.

ஆகவே சீனக் காசோலை ஒன்று கைக்கு வந்தால் எழுத்தையும் எண்ணையும் அந்த இடத்திலேயே ஒப்பிடுவது முக்கியம். 1,20,500 என்று எண்ணில் இருந்து, எழுத்தில் ஒரு 佰 விட்டுப்போயிருந்தால் அது வெறும் தாள். கொடுத்தவரைத் தேடிப்பிடித்து மாற்றி வாங்குவதற்குள் பத்து நாள் ஓடிவிடும்.

சாதாரண ரசீதுக்கு இந்தச் சட்டம் இல்லை. பொருந்தாத ரசீது தானாகச் செல்லாமல் போய்விடாது. அதுவே தலைவலி. எந்தத் தொகை உண்மை என்று பணம் போன தடயத்தையும் பேசிய ஒப்பந்தத்தையும் வைத்து வாதாட வேண்டியிருக்கும். கடையை விட்டு வெளியேறும் முன் புதிதாக எழுதி வாங்குவது மலிவு.

பெரிய எழுத்துகள் எல்லா மோசடிக்கும் மருந்து அல்ல. போலி முத்திரையை அவை தடுக்காது. முழு ரசீதையும் புதிதாக எழுதிக் கொண்டுவருபவரைத் தடுக்காது. ஏற்கெனவே எழுதிய தொகையை ஒரு பேனாவால் பெருக்குவதை மட்டுமே தடுக்கும். அந்த ஒரு வேலைக்காகத்தான் அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கின்றன.

இன்று சீனத்தில் காய்கறிக் கடைக்காரர்கூடக் கைபேசியில் பணம் வாங்குகிறார். 2024 டிசம்பர் 1 முதல் முழு மின்னணு ஃபாப்பியாவ் நாடெங்கும் வந்துவிட்டது. பேனாவால் கோடு சேர்க்க அங்கே தாளே இல்லை. ஆனாலும் அந்த மின்னணு விலைப்பட்டியலின் கீழே, மொத்தத் தொகைக்கு நேராக, கம்ப்யூட்டர் ⊗ போட்டுப் பெரிய எழுத்தில் தொகையை எழுதுகிறது. ஒப்பந்தங்களிலும் அப்படியே. சீன ரூபாய் நோட்டிலும் பாருங்கள்: நூறு யுவான் நோட்டில் 壹佰圆, இருபதில் 贰拾圆. பழகிக்கொள்ள அதைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை.

ஈவூ ரசீதுக்கு வருவோம். முத்திரை காய்வதற்குள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. 万 எங்கே என்று பார்த்துக் கோடு கிழிக்க வேண்டும். வலப்பக்கம் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். கடைசியில் 整 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, கார்பன் பிரதியில் எண் மங்கியிருந்தால், கடைக்காரர் முன்னிலையிலேயே ரசீதின் பின்பக்கம் தமிழில் எழுதி வைக்கலாம்: ஒரு லட்சத்து இருபதாயிரத்து ஐந்நூறு யுவான் மட்டும்.